முடி நடும் முன் காட்டும் படத்தில் எவ்வளவு முடி வரையலாம்?

பட்டர்வொர்த்திலிருந்து வந்த அந்தத் தம்பிக்கு 31 வயது. பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. உட்கார்ந்ததும் போனில் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று, பள்ளி முடித்த வருஷம் எடுத்தது. நெற்றி பாதிவரை முடி இறங்கியிருக்கிறது. இன்னொன்று, ஏதோ ஒரு செயலியில் தன் இப்போதைய முகத்துக்கு முடி ஒட்டி வாங்கியது. "அண்ணே, இந்த மாதிரியே செஞ்சு காட்டுங்க, டாக்டர்கிட்ட கேட்டுப் பார்க்கலாம்" என்றார்.

நான் படம் எடுப்பவன். ஜார்ஜ்டவுன் லெபோ பசார் பக்கம் கல்யாண ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறு வருஷமாக ஒரு கிளினிக்குக்கு முன்னோட்டப் படங்களும் செய்கிறேன். தலையில் முடி நட்ட பிறகு எப்படி இருக்கும் என்று, நடுவதற்கு முன்பே ஆளுக்குக் காட்டும் படம் அது. கம்ப்யூட்டரில் முடி வரைவது ஒன்றும் கஷ்டமில்லை. காது பக்கத்து முடியை வெட்டி எடுத்து முன்நெற்றியில் ஒட்டி, ஓரத்தை மங்கலாக்கினால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். பார்க்கிறவர் முகமும் மலர்ந்துவிடும். ஆனால் காது பக்கம் இருப்பது பிறந்ததிலிருந்து இருக்கும் அடர்த்தி. அந்த அடர்த்தியில் யாராலும் முன்னால் முடி நட முடியாது. அந்தப் படத்தைப் பார்த்துப் பணம் கட்டியவர், கிடைக்கவே முடியாத ஒன்றுக்குக் கட்டியிருக்கிறார்.

அதனால் எங்களுக்கு ஒரே விதி. முதலில் எண்ணிக்கை, அப்புறம்தான் படம். டாக்டர் எத்தனை கிராஃப்ட் என்று எழுதித் தராமல் நான் ஒரு முடிகூட வரைவதில்லை.

கிராஃப்ட் என்பது ஒற்றை முடி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நம் தலையில் முடி தனித்தனியாக முளைப்பதில்லை. ஒரே துளையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, அபூர்வமாக நான்கு என்று சின்னக் கொத்துகளாக வருகிறது. அந்தக் கொத்தை வேரோடு எடுத்தால் அது ஒரு கிராஃப்ட். சராசரியாக ஒன்றில் இரண்டு முடி இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பின்தலையிலும் காதுக்கு மேலும் இருக்கும் கொத்துகளை எடுத்துத்தான் முன்னால் நடுகிறார்கள். அந்த இடத்து முடி சாதாரண வழுக்கையில் உதிராது, இடம் மாற்றி நட்டாலும் அந்தக் குணத்தோடுதான் வளரும். இதை 1959-இல் நியூயார்க் டாக்டர் நார்மன் ஓரன்ட்ரைக் எழுதிக் காட்டினார். இன்றைய முடி நடவு முழுக்க அந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது. ஒன்றை மறக்கக் கூடாது. எடுத்த இடத்தில் அந்தக் கொத்து மறுபடி முளைக்காது. பின்தலை ஒரு சேமிப்புக் கணக்கு, எடுக்க மட்டும்தான் முடியும்.

தம்பியின் கணக்கைப் பார்ப்போம். டாக்டர் பின்தலையை உருப்பெருக்கியில் பார்த்து நான்கு இடங்களில் எண்ணினார். சராசரி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70 கொத்து. என்றைக்கும் உதிராது என்று நம்பி எடுக்கக்கூடிய பரப்பு என்று அவர் குறித்தது 160 சதுர செ.மீ. ஆக மொத்தம் 11,200 கொத்து. அதில் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து 40 சதவீதத்துக்கு மேல் எடுத்தால் பின்தலையே மெலிந்து தெரியும் என்பது அவர் கணிப்பு. கிடைப்பது சுமார் 4,500. தம்பியின் அப்பா தலையில் காதைச் சுற்றி மட்டும்தான் முடி இருக்கிறது. மகனுக்கும் அந்த வழி திறந்திருப்பதால், இப்போது 2,300 போதும், மிச்சம் பிற்காலத்துக்கு என்றார் டாக்டர்.

இந்த 2,300 எவ்வளவு இடத்தை மூடும் என்பதுதான் அடுத்த கேள்வி. முடி தொடங்க வேண்டிய முன்கோட்டையும் நட வேண்டிய இடத்தையும் பேனாவால் தலையில் வரைந்து, மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து அந்த வடிவத்தைப் படி எடுத்தோம். தாளைக் கட்டம் போட்ட காகிதத்தின் மேல் வைத்துக் கட்டங்களை எண்ணினோம். 52 சதுர செ.மீ. வந்தது. தலை வளைவானது என்பதால் போட்டோவிலிருந்து பரப்பை அளந்தால் எப்போதும் குறைவாகவே வரும். தாளில் எடுத்த அளவைத்தான் நம்ப வேண்டும். நட்டதெல்லாம் முளைக்கும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பத்தில் ஒன்று போகலாம் என்று டாக்டர் வைத்துக்கொண்டார்.

2,300 × 0.9 ÷ 52 ≈ 40

சதுர சென்டிமீட்டருக்கு 40 கொத்து. பின்தலையில் 70 இருக்கும் ஆளுக்கு முன்னால் 40. இதுதான் நான் வரைய வேண்டிய அடர்த்தி. பொதுவாகவே ஒரு தடவை நடும்போது 30-லிருந்து 45 வரைதான் நியாயமாக எதிர்பார்க்கலாம். இன்னும் நெருக்கி நட்டால் ரத்த ஓட்டம் பற்றாமல் வேர்கள் வீணாகும் ஆபத்து கூடுகிறது.

சரி, பாதியைக் கொஞ்சம் தாண்டிய அடர்த்தி எப்படித் தலையாகத் தெரிகிறது? தலையில் முடி பாதியாகக் குறையும்வரை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம்மவர்களுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. கருத்த முடி, மாநிறத் தோல். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் குறைவு என்பதால் இடைவெளி அவ்வளவாகக் கண்ணைப் பறிப்பதில்லை. முடி தடிமனாக, லேசாக அலையோடு இருந்தால் இன்னும் நல்லது. தம்பிக்கு இரண்டும் இருந்தன. மெல்லிய, நேரான முடிக்காரருக்கு இதே 40-ஐ வரைந்தால் படம் வேறு மாதிரி இருக்கும். வேறு மாதிரிதான் இருக்கவும் வேண்டும்.

இனி வரைவது. என் தொழிலில் பொய் நுழைவது இங்கேதான், பெரும்பாலும் தெரியாமலே நுழைகிறது.

ஆளை ஒன்றரை மீட்டர் தள்ளி உட்காரவைத்துப் படம் எடுக்கிறேன். போனைக் கை தூரத்தில் பிடித்தால் நெற்றி உப்பித் தெரியும், கோடு எங்கே விழுகிறது என்பதே மாறிவிடும். நெற்றியில் 20 மி.மீ. அகலமுள்ள வட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவேன். நான் வேலை செய்யும் அளவில் அந்த ஸ்டிக்கர் படத்தில் 100 பிக்சல் வரும். ஒரு பிக்சலுக்கு 0.2 மி.மீ. உச்சியைப் படம் எடுக்கும்போது அங்கே தனியாக ஒரு ஸ்டிக்கர் வேண்டும். நெற்றியின் அளவு உச்சிக்குப் பொருந்தாது.

தம்பியின் முடி 0.07 மி.மீ. தடிமன். நான் வரையக்கூடிய மிக மெல்லிய கோடு ஒரு பிக்சல், அதாவது 0.2 மி.மீ. முழுக் கருப்பில் ஒரு பிக்சல் கோடு இழுத்தால், அவர் முடியைப் போல மூன்று மடங்கு தடிமனான முடியை வரைந்துவிட்டேன் என்று அர்த்தம். எண்ணிக்கை சரியாக 40 இருக்கும், படம் மட்டும் அடர்ந்த காடாக இருக்கும். ஆரம்பத்தில் இரண்டு வருஷம் நான் இந்தத் தப்பைத்தான் செய்துகொண்டிருந்தேன். எண்ணிக்கைப்படிதானே வரைகிறோம் என்று நிம்மதியாகவும் இருந்தேன். இப்போது கோட்டின் அடர்வை 35 சதவீதத்துக்குக் குறைத்துவிடுகிறேன். 0.07-ஐ 0.2-ஆல் வகுத்தால் வருவது அதுதான்.

இன்னொரு பழக்கம், முடி வரையும் முன் அடியில் ஒரு கரும்பழுப்பு அடுக்கைப் பூசிக்கொள்வது. வரைந்த முடி தோலோடு ஒட்டித் தெரிவதற்காகச் செய்வார்கள். பார்க்க இயல்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பூச்சு மண்டைத் தோலை மறைக்கிறது, மண்டைத் தோல் தெரிவதுதான் அடர்த்தியின் அளவே. வழுக்கையை மறைக்கத் தூவிக்கொள்ளும் கருப்புப் பொடியைப் படத்தின் மேல் தூவியதற்குச் சமம். அந்த அடுக்கை நான் போடுவதே இல்லை.

சரியாக வரைகிறோமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு தலையிலும் அதைச் செய்துதான் தொடங்குகிறேன். பின்தலையில் 70 என்று டாக்டர் எண்ணியிருக்கிறார். வெறும் தோல் தெரியும் இடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் அதே 70 கொத்தை என் முறையில் வரைவேன். பக்கத்தில் அவருடைய நிஜப் பின்தலையின் படத்தை, அதே நீளத்துக்கு வெட்டிய முடியோடு, வைத்துப் பார்ப்பேன். நான் வரைந்தது நிஜத்தைவிடக் கருப்பாக இருந்தால் என் கோடு தடிமன். அதைச் சரிசெய்த பிறகே 40-க்குப் போவேன்.

அடுத்தது முன்கோடு. தம்பி கேட்டது, பள்ளிப் படத்தில் இருக்கும் கோடு. புருவங்களுக்கு நடுவிலிருந்து மேலே 6 செ.மீ. இப்போது இருப்பது 9.5 செ.மீ. டாக்டர் போட்டது 8 செ.மீ. வளர்ந்த ஆணுக்கு 7-லிருந்து 8 என்பதுதான் பெரும்பாலும் பொருந்தும் அளவு. புருவத்தை உயர்த்தினால் நெற்றியில் சுருக்கங்கள் விழும். பதினேழு, பதினெட்டு வயதில் முடி எல்லாவற்றுக்கும் மேலே விழும் சுருக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். வளர்ந்த ஆணுக்கு ஒரு விரல் அகலம் மேலே ஏறிவிடும். வழுக்கையே விழாதவருக்கும் இப்படித்தான். தம்பியைக் கண்ணாடி முன் நிறுத்திப் புருவத்தை உயர்த்தச் சொன்னேன். அவர் கேட்ட கோடு சுருக்கத்துக்குக் கீழே விழுந்தது. அதை அவரே பார்த்தார்.

சொல்லிப் புரியவைப்பதைவிட வரைந்து காட்டுவது நல்லது என்று, அவர் கேட்ட கோட்டையும் வரைந்தேன். ஒரே ஒரு நிபந்தனை, கிராஃப்ட் அதே 2,300-தான். கோட்டை 2 செ.மீ. கீழே இறக்கி, இரண்டு பக்க மூலைகளையும் அடைத்தபோது பரப்பு 52-லிருந்து 84 ஆனது. சதுர சென்டிமீட்டருக்கு 40 என்பது 25-க்குக் கீழே போனது. படத்தில் நெற்றி சின்னதாகிவிட்டது, ஆனால் முடிக்கு நடுவே மண்டை பளிச்சென்று தெரிந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கேட்ட படத்தைத் தானே ஒதுக்கிவைத்தார்.

மூலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயது வந்த ஆணின் நெற்றி இரண்டு பக்கமும் உள்வாங்கித்தான் இருக்கும். அந்த உள்வாங்கிய முனை, கண்ணின் வெளிமுனையிலிருந்து நேர் மேலே கோடு இழுத்தால் கிட்டத்தட்ட அங்கே வரும். அதை அடைத்து நேர்க்கோடாக வரைந்தால் தொப்பி கவிழ்த்த மாதிரி இருக்கும். கோடு நேராக ஓடவும் கூடாது. முதல் ஒன்றிரண்டு வரிசை முழுக்க ஒற்றை முடி கிராஃப்ட்தான், அவையும் முன்னும் பின்னுமாகக் கலைந்து நிற்கும். அரை சென்டிமீட்டர் உள்ளே போன பிறகே இரண்டு, மூன்று முடிக் கொத்துகள். அதனால் படத்திலும் நெற்றி எங்கே முடிகிறது, முடி எங்கே தொடங்குகிறது என்று கத்தி வைத்தாற்போல் சொல்ல முடியாமல் இருக்க வேண்டும். தெளிவான ஓரம் கேட்பவர்களுக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கும். நிஜத் தலையைக் கண்ணாடியில் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

நேர்முகப் படம் மட்டும் கொடுப்பதை நான் நிறுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்றாவது வருஷம் என்று நினைவு. ஒரு பெரியவர் நட்டுப் பன்னிரண்டு மாதம் ஆனபின், நான் அச்சடித்துக் கொடுத்த படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். "படம் மாதிரிதான் இருக்கு தம்பி, இல்லைன்னு சொல்லல. ஆனா லிஃப்ட்ல நின்னா பின்னாடி நிக்கிறவனுக்கு எல்லாம் தெரியுதே" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. நேராகப் பார்க்கும்போது நம் பார்வை முடிமேல் சாய்வாகப் போகிறது, ஐந்தாறு வரிசை முடி ஒன்றன்மேல் ஒன்று மறைத்து நிற்கிறது. 40-கூட நிறைந்த தலையாகத் தெரியும். மேலேயிருந்து, அதுவும் தலைக்கு நேர் மேலே விளக்கு எரியும் லிஃப்டில் பார்த்தால், பார்வை நேராகத் தோலில் இறங்குகிறது. நான் அவருக்குப் பொய்யாக எதையும் வரையவில்லை. ஆனால் மெலிந்து தெரியும் பக்கத்தைக் காட்டவே இல்லை. அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றும் அது மனதில் இருக்கிறது.

அதிலிருந்து ஒரு தலைக்கு மூன்று கோணம். நேராக, தலையைக் குனிந்து, உச்சியிலிருந்து. மூன்றும் ஒரே விளக்கில், ஒரே நீள முடியில், நடுவதற்கு முந்தைய படமும் நட்ட பிறகான படமும் ஒரே மாதிரி. அதோடு ஈரத் தலைப் படம் ஒன்று. நம் ஊர் வெயிலில் பத்து நிமிஷம் மோட்டார் சைக்கிள் ஓட்டி ஹெல்மெட்டைக் கழற்றினாலே முடி நனைந்து கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும், நடுவே தோல் தெரியும். சீவி உலர்த்திய தலையை மட்டும் காட்டினால், பாதி நாளில் தெரியும் தலையைக் காட்டாமல் விட்டதாகிவிடும்.

உச்சிப் படத்தில் தம்பியின் சுழி அப்படியே வெறுமையாக இருந்தது. "இங்கேயும் கொஞ்சம் போடலாமே" என்றார். சுழியில் முடி எல்லாத் திசையிலும் விரிவதால் ஒன்றை ஒன்று மறைக்காது. அங்கே நிறைத்துக் காட்ட நிறைய கிராஃப்ட் வேண்டும், பலனும் குறைவு. சுற்றி உதிர உதிர அந்த வட்டம் பெரிதாகிக்கொண்டேயும் போகும். டாக்டர் அதற்கு ஒதுக்கியது பூஜ்யம். அதனால் நானும் அங்கே ஒன்றும் வரையவில்லை. பல முன்னோட்டப் படங்களில் சுழி சும்மா நிரம்பியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கணக்கில் இல்லாத முடி அது.

வருங்காலப் படம் ஒன்றும் செய்கிறேன். நட்ட முடி நிற்கும், அதற்குப் பின்னால் இப்போது இருக்கும் சொந்த முடி நிற்குமா என்பது வேறு விஷயம். தம்பியின் அப்பா தலையை மாதிரியாக வைத்து, நட்டதை மட்டும் விட்டு மற்றதை உதிர்த்து வரைந்தேன். முன்னால் ஒரு பட்டை முடி, அதற்குப் பின்னால் வெறுமை. 8 செ.மீ. கோட்டில் அது ஓரளவு ஒப்புக்கொள்ளக்கூடிய தலையாக இருந்தது, சேமிப்பில் இருக்கும் 2,200 கிராஃப்டால் பின்னால் ஒட்டவும் முடியும். 6 செ.மீ. கோட்டில் நெற்றியில் தனித்தீவு போல நின்றது. உதிர்வதை மருந்தால் தள்ளிப்போடலாமா என்று டாக்டரோடு அவர் பேசியது இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான்.

கடைசியாகப் பின்தலை. தம்பி பேச்சுவாக்கில், தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் தண்ணீர்மலையில் மொட்டை போடும் நேர்த்திக்கடன் இருக்கிறது என்றார். இதைக் கேட்காமல் விட்டிருந்தால் பெரிய தப்பாகியிருக்கும். கொத்துகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுக்கும் முறையில், துளை ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஆறியதும் சின்ன வெளிர்ப் புள்ளியாக நிற்கும். முடி ஒரு சென்டிமீட்டர் இருந்தால் யாருக்கும் தெரியாது. மொட்டை அடித்தால் தெரியும், மாநிறத் தோலில் இன்னும் எடுப்பாகத் தெரியும். தோலைப் பட்டையாக வெட்டி எடுக்கும் பழைய முறையில் காதிலிருந்து காதுவரை ஒரு கோடு தெரியும். 2,300-ஐ 160 சதுர செ.மீ.யில் பரவலாக எடுத்தால் ஒவ்வொரு சதுரத்திலும் 14 புள்ளி. மொட்டைத் தலையின் பின்புறத்தை அந்த 14 வெளிர்ப் புள்ளிகளோடு வரைந்து கொடுத்தேன். அதை வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்துச் சம்மதம் சொன்னார்.

படங்களைக் கொடுக்கும்போது ஒவ்வொன்றின் அடியிலும் எண்கள் அச்சாகியிருக்கும்: கிராஃப்ட் 2,300, பரப்பு 52, முளைப்பு 0.9, எதிர்பார்க்கும் அடர்த்தி 40, பன்னிரண்டாம் மாதம். நட்ட முடி முதல் ஒன்றிரண்டு மாதத்தில் உதிர்ந்துவிடும், மூன்று நான்கு மாதத்தில்தான் புதிதாகத் தலைகாட்டும் என்பதால் மூன்றாம் மாதப் படமும் ஒன்று உண்டு. அதில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. அந்தப் படத்தைப் பார்த்திருந்தால், அந்த மாதத்தில் பயந்துபோய்ப் போன் செய்ய வேண்டியிருக்காது. முகப் படங்களும் உடல்நல விவரமும் சேர்ந்தவை என்பதால் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே வைத்துக்கொள்கிறோம். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரத்தைத் தனிக் கவனத்துக்குரியதாக வைத்திருக்கிறது. விளம்பரத்துக்கு இந்தப் படங்கள் போவதில்லை. மருத்துவச் சேவை விளம்பரங்களுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி தனியாக வேண்டும்.

பன்னிரண்டாம் மாதம் தம்பி வந்தார். ஸ்டிக்கர், ஒன்றரை மீட்டர், அதே விளக்கு. படம் எடுத்த பிறகு டாக்டர் உருப்பெருக்கியை வைத்து, நட்ட இடத்தில் நான்கு சதுரங்களில் எண்ணினார். 38, 41, 35, 34. சராசரி 37. நான் வரைந்தது 40. இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்தால் என்னுடையது ஒரு சாயல் கூடுதலாக இருந்தது, உச்சிக் கோணத்தில் அது நன்றாகவே தெரிந்தது. அதுவரை அதே போல எண்ணி வைத்திருந்த மற்ற ஒன்பது பேரின் கணக்கையும் எடுத்துப் பார்த்தோம். பெரும்பாலும் கொஞ்சம் கீழேதான் வந்திருந்தது. அடுத்த வாரத்திலிருந்து சூத்திரத்தில் 0.9 இருந்த இடத்தில் 0.85 போட்டு வரைகிறேன்.